டிப்ரஷன், ஸ்குவால், தூறல், ஹீட் இண்டெக்ஸ்: மும்பை வானிலை அறிக்கையைப் படிப்பது எப்படி?

மே கடைசி வாரம் வந்தாலே ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "அரபிக்கடல்ல டிப்ரஷனாமே, பம்பாய்க்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" தாராவியிலோ செம்பூரிலோ உட்கார்ந்திருக்கும் நமக்கு வெளியே லேசான தூறல்தான் தெரியும், அதனால் "இங்க ஒண்ணுமில்ல அத்தை" என்று சொல்லி வைத்துவிடுகிறோம். அந்தப் பதில் சில நாள் சரி, சில நாள் ரொம்பத் தவறு. தூறல் கொஞ்சம் பெரிதானால் ஸ்குவால், ஸ்குவால் இன்னும் பெரிதானால் டிப்ரஷன் என்று இவற்றை ஒரே ஏணியின் படிகளாக நினைப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். உண்மையில் ஒவ்வொரு சொல்லும் வேறு வேறு பொருளை அளக்கிறது.

பயிற்சிக்காக ஒரு மாதிரி அறிக்கை எழுதுகிறேன். ஜூன் தொடக்கத்தில் மும்பைக்கு வரக்கூடிய வகைதான் இது:

"கிழக்கு மத்திய அரபிக்கடலில் உள்ள காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வடக்கு, வடமேற்கு திசையில் நகரக்கூடும். வடக்கு கொங்கண் கடலோரத்தில் சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும். மும்பையில் தூறல் அல்லது லேசான மழை, ஓரிரு இடங்களில் கனமழை. அதிகபட்ச வெப்பநிலை 32 டிகிரி."

படி 1: டிப்ரஷன் என்றால் மையத்தையும் திசையையும் தேடுங்கள்

டிப்ரஷன், அதாவது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குச் சுழலும் ஒரு பெரிய அமைப்பு. அதன் மையத்தைச் சுற்றி நிலையாக வீசும் காற்றின் வேகத்தை வைத்துத்தான் இந்திய வானிலை ஆய்வு மையம் அதற்குப் பெயர் கொடுக்கிறது. மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல், அப்போதுதான் பெயர் சூட்டுவார்கள். இந்த வேகங்கள் மூன்று நிமிடச் சராசரி, ஒரு நொடி வீச்சு அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

ஆகவே "டிப்ரஷன்" என்ற சொல் உங்கள் தெருவில் என்ன நடக்கும் என்று சொல்வதில்லை. அதற்கு இரண்டு தகவல் வேண்டும்: மையம் எங்கே, எந்தப் பக்கம் நகர்கிறது. நம் மாதிரி அறிக்கையில் அது வடமேற்காக, கரையை விட்டு விலகிப் போகிறது, அதனால் மும்பைக்கு ஓரம் மட்டும் படும். இதே அமைப்பு வடகிழக்காகத் திரும்பினால் கதை வேறு. 2020-ல் நிசர்கா ஜூன் 1-ம் தேதி வெறும் டிப்ரஷனாகத்தான் இருந்தது. ஜூன் 3-ம் தேதி மதியம் தீவிரப் புயலாக அலிபாக் அருகே கரையைக் கடந்தது. இரண்டே நாள்தான். அதனால் டிப்ரஷன் என்று கேட்டால் அன்றைய அறிக்கையோடு நிறுத்தாதீர்கள், அடுத்தடுத்த அறிக்கைகளில் திசை மாறுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஜூலை, ஆகஸ்டில் டிப்ரஷன் வங்காள விரிகுடாவில் உருவாகி ஒடிசா வழியாக உள்ளே போகும், நாம் "அது அந்தப் பக்கம்" என்று விட்டுவிடுவோம். ஆனால் அது மேற்கிலிருந்து வரும் பருவக்காற்றை வலுவாக இழுக்கும். அந்த ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதும்போது கொங்கணிலும் மும்பையிலும் மழை கொட்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் டிப்ரஷன் நம் லோக்கல் ரயிலை நிறுத்துவது இப்படித்தான்.

படி 2: ஸ்குவால் என்றால் கடிகாரத்தைப் பாருங்கள்

மாதிரி அறிக்கையை மறுபடி படியுங்கள். டிப்ரஷனின் காற்று அதிகபட்சம் 49 என்று சொன்னேன், ஆனால் கடலோரத்தில் 55, இடையிடையே 65 என்று இருக்கிறதே? முரண்பாடு இல்லை. 49 என்பது மையத்தைச் சுற்றிய சராசரி, கடலோர எண்கள் நடுநடுவே எழும்பும் வீச்சையும் சேர்த்துச் சொல்வது. மீனவர்களுக்கான எச்சரிக்கையில் வருவது இந்த இரண்டாவது வகை, ஏனென்றால் படகைக் கவிழ்ப்பது சராசரி இல்லை, அந்த வீச்சுதான்.

தனியாக ஸ்குவால் என்று சொன்னால் அதற்கு இலக்கணம் உண்டு. காற்று திடீரென்று முன்பிருந்ததைவிட மணிக்கு 30 கிலோமீட்டர் அளவுக்காவது கூடி, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு, குறைந்தது ஒரு நிமிடம் நீடிக்க வேண்டும். சில நொடியில் அடங்கிவிட்டால் அது கஸ்ட், வெறும் வீச்சு. அப்புறம், இதைத் தமிழ் அறிக்கைகளில் சூறாவளிக் காற்று என்று எழுதுவதால் புயல் என்று நினைத்துவிட வேண்டாம். புயல் நாட்கணக்கில் இருப்பது, ஸ்குவால் நிமிடக்கணக்கில் முடிவது.

கடலில் டிப்ரஷனே இல்லாமலும் ஸ்குவால் வரும், பருவமழைக்கு முந்தைய மாதங்களில் அப்படித்தான் அதிகம். உயர்ந்து வளர்ந்த இடிமேகத்துக்குள் மழை கீழே இறங்கும்போது பக்கத்துக் காற்று குளிர்ந்து கனத்து, மொத்தமாகத் தரையில் வந்து விழுந்து நாலாபக்கமும் பாய்கிறது. 2024 மே 13-ம் தேதி காட்கோபரில் பெட்ரோல் பங்க் மேல் ராட்சத விளம்பரப் பலகை சரிந்து 17 பேர் இறந்தார்களே, அன்று வந்தது இடிமேகத்தோடு வந்த புழுதிக் காற்றுதான். அன்று கடலில் டிப்ரஷன் எதுவும் இல்லை.

இதை முந்தைய நாள் அறிக்கையில் தேடினால் "இடியுடன் பலத்த காற்று வீசக்கூடும்" என்ற பொதுவான வரிதான் கிடைக்கும். எந்த நேரம், எந்த மாவட்டம் என்பது நௌகாஸ்ட் எனப்படும் அடுத்த மூன்று மணி நேர எச்சரிக்கையில்தான் வரும். mausam.imd.gov.in தளத்தில் அதைப் பார்க்கலாம். வானத்திலும் அடையாளம் தெரியும்: ஒரு பக்கம் கருத்து, புழுக்கத்தின் நடுவே சட்டென்று குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால் ஸ்குவால் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது தார்ப்பாயைக் கட்ட மாடிக்கோ கூரைக்கோ ஏறாதீர்கள், பேனர், மரம், தகரக் கூரை பக்கத்தில் நிற்காதீர்கள். கட்ட வேண்டியதைக் காலையிலேயே கட்டிவிட வேண்டும்.

படி 3: தூறல் என்றால் துளி, லேசான மழை என்றால் அளவு

நாம் குடை தேவைப்படாத எல்லா மழையையும் தூறல் என்றுதான் சொல்வோம். அறிக்கையில் தூறல் என்பது துளியின் அளவைப் பற்றியது: அரை மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டம், தாழ்ந்த மெல்லிய மேகத்திலிருந்து நெருக்கமாக, மிதப்பது போல் இறங்குவது. சோதிக்க வேண்டுமானால் தேங்கிய தண்ணீரைப் பாருங்கள். தெறிப்பும் வளையமும் தெரிந்தால் மழை, நீர்ப்பரப்பு கிட்டத்தட்ட அப்படியே இருந்தால் தூறல்.

லேசான மழை, கனமழை என்பவை 24 மணி நேரத்தில் சேர்ந்த அளவு. 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை லேசானது, 64.5-ஐத் தொட்டால்தான் கனமழை. இந்தக் கணக்கு காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை. அதே 65 மில்லிமீட்டர் நாள் முழுக்கப் பரவிப் பெய்தால் ஒன்றும் தெரியாது, இரண்டு மணி நேரத்தில் கடல் ஏற்றத்தோடு சேர்ந்து பெய்தால் ஹிந்த்மாதாவில் முழங்கால் தண்ணீர். அறிக்கையின் சொல் இரண்டுக்கும் ஒன்றேதான்.

மாதிரியில் "தூறல்", "ஓரிரு இடங்களில் கனமழை" இரண்டும் ஒரே வரியில் வருகிறதே என்று குழம்ப வேண்டாம். ஓரிரு இடம் என்றால் அந்தப் பகுதியின் அளவீட்டு நிலையங்களில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவு. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் பதிவானபோது கொலாபாவில் சுமார் 73 தான். ஒரே ஊர், ஒரே நாள்.

படி 4: ஹீட் இண்டெக்ஸை நீங்களே சரிபாருங்கள்

இது தெர்மாமீட்டரில் தெரியும் எண் அல்ல, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு உடம்புக்கு எவ்வளவு சூடாகப் படும் என்று சொல்வது. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை ஆவியாகாது, வியர்வை ஆவியாகாவிட்டால் உடம்பு குளிராது. 2023 முதல் வானிலை மையம் இதைச் சோதனை முறையில் வெளியிடுகிறது, அமெரிக்க வானிலைத் துறை பயன்படுத்தும் அதே சூத்திரத்தில்.

நம் மாதிரியில் 32 டிகிரி. மதியம் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஹீட் இண்டெக்ஸ் சுமார் 40. டெல்லியில் 40 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்று வைத்துப் போட்டால் வருவது சுமார் 38 தான். அதாவது டெல்லிக்காரரை விட நம் ஆளுக்கு அன்று புழுக்கம் அதிகம். ஆனாலும் அன்று மும்பைக்கு "வெப்ப அலை" என்ற சொல் வராது, ஏனென்றால் அதை அறிவிப்பது தெர்மாமீட்டரை வைத்து. கடலோரத்துக்குக் குறைந்தபட்சம் 37 டிகிரி வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். "வெப்பமும் புழுக்கமும்" என்ற எச்சரிக்கை வந்தால் அதையே கடுமையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போடும்போது நடக்கும் பெரிய பிழை: காலை 8.30 மணி ஈரப்பதத்தை மதிய வெப்பநிலையோடு சேர்ப்பது. காலையில் 90 சதவீதம் இருக்கும், அதை 32 டிகிரியோடு போட்டால் 49 என்று பயங்கரமான எண் வரும். வெயில் ஏற ஏற ஈரப்பதம் இறங்கிவிடும், ஆகவே இரண்டும் ஒரே நேரத்து எண்களா என்று பாருங்கள். கிடைக்கும் விடையும் நிழலில், மெல்லிய காற்றில் இருப்பவருக்கானது. நேர் வெயிலில் இட்லி சைக்கிள் தள்ளுகிறவருக்கும் சாரத்தில் நிற்கிறவருக்கும் அதன்மேல் 8 டிகிரி வரை கூடலாம். தகரக் கூரைக்குக் கீழே காற்றே இல்லாத அறைக்கு இந்த எண் குறைவாகத்தான் காட்டும்.

இப்போது அத்தைக்கு என்ன சொல்வது? "டிப்ரஷன் விலகிப் போகுது, திசை மாறுதான்னு நாளைக்கும் பார்க்கிறேன். கடற்கரைப் பக்கம் போகலை, காத்து 65 வரைக்கும் அடிக்குமாம். இங்க தூறல்தான், ஆனா ஓரிரு இடத்துல கொட்டலாம். புழுக்கம்தான் தாங்கலை."