லென்ஸ் போட்ட கண் சிவந்து வலிக்கிறதா? உடனே செய்ய வேண்டியவை

நேற்று இரவு காண்டாக்ட் லென்ஸைக் கழற்றாமலே தூங்கிவிட்டீர்கள். காலையில் ஒரு கண் மட்டும் சிவந்து, மண் விழுந்தது போல உறுத்துகிறது. வெளிச்சம் கூசுகிறது, பார்வையும் கொஞ்சம் மங்கல். மெட்ராஸ் ஐ என்று நினைத்து இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கத் தோன்றும். லென்ஸ் போடுகிறவர்கள் அப்படிப் பொறுத்திருக்கவே கூடாது. இது கருவிழியில் கிருமித் தொற்றாக இருக்கலாம்.

முதலில்: கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு லென்ஸைக் கழற்றுங்கள். தூக்கி எறியாதீர்கள். லென்ஸ், டப்பா, கரைசல் புட்டி மூன்றையும் மருத்துவரிடம் கொண்டு போங்கள். எந்தக் கிருமி என்று அவற்றிலிருந்தே தெரியவரலாம். கழற்றியதும் வலி குறையலாம். அதை நம்பி மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து: அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி. கருவிழியின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான், அதில் ரத்தக் குழாயும் கிடையாது. லென்ஸ் போடுகிறவர்களிடம் அடிக்கடி காணப்படும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அந்தத் திசுவையே கரைக்கும். ஓரிரு நாளில் புண் ஆழமாகிக் கருவிழி ஓட்டையாகவும் வாய்ப்புண்டு. புண் ஆறினாலும், தழும்பு நடுவில் விழுந்தால் பார்வையை மறைக்கும்.

போகும் வரை: கண்ணைக் கட்டாதீர்கள், மூடிய கண்ணின் வெதுவெதுப்பில் கிருமி பெருகும். வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தையும் விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், உள்ளே புண் வளரும். எனக்கு மிகவும் பயம் இந்தச் சொட்டு மருந்தில்தான்.

மருத்துவர் ஒரு சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். புண் பச்சையாக ஒளிரும். தேவைப்பட்டால் புண்ணிலிருந்து கொஞ்சம் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்புவார். தொடக்கத்தில் மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும், சொட்டு மருந்து விடச் சொல்லலாம். அலாரம் வைத்து விடுங்கள்.

கண் ஆறி, மருத்துவர் சம்மதித்த பிறகு: புது லென்ஸ், புது டப்பாவோடு ஆரம்பியுங்கள். தூங்கும் முன் கழற்றிவிடுங்கள்; மதியக் குட்டித் தூக்கமும் தூக்கம்தான். அப்புறம், தண்ணீர். குழாய்த் தண்ணீரில் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி இருக்கலாம். அது கருவிழியில் புகுந்தால் மாதக்கணக்கில் சிகிச்சை இழுக்கும். அதனால் லென்ஸோடு குளிக்கவோ நீந்தவோ வேண்டாம். டப்பாவையும் தண்ணீரில் கழுவ வேண்டாம். தினமும் பழைய கரைசலைக் கொட்டிவிட்டு, புதுக் கரைசலால் அலசி, கவிழ்த்து உலர வையுங்கள். மிச்சக் கரைசலின் மேலேயே புதியதை ஊற்றினால் கிருமி கொல்லும் வீரியம் குறைந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பாவை மாற்றுங்கள்.