பழைய பாக்கெட்டைத் துலக்குவதா, புதுப் பெயரில் தொடங்குவதா: காபித்தூள் கடைக்கான செய்முறை

கும்பகோணத்தில் மூன்று தலைமுறையாகக் காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் ஒரு குடும்பக் கடைக்கு அண்மையில் பாக்கெட்டைத் திருத்திக் கொடுத்தேன். மஞ்சள் பை, நடுவில் அரக்குச் சிவப்புப் பட்டை, மேலே மயில், கீழே டபரா டம்ளர், கடைப்பெயர் பழைய தட்டச்சு எழுத்தில்: இதுதான் அவர்களின் அடையாளம். விற்பனை தளர்ந்திருந்தது. மகன் புதுப் பெயர் வேண்டும் என்றார், தந்தை எதையும் தொடக்கூடாது என்றார். அந்த வேலையில் பின்பற்றிய வழியைப் படிப்படியாக எழுதுகிறேன். லோகோ என்றால் என்ன, பிராண்ட் என்றால் என்ன என்பதையெல்லாம் இங்கே விளக்கப் போவதில்லை.

படி 1: போனவர்களிடம் கேளுங்கள்

வாங்குவதை நிறுத்தியவர்களைத் தேடிக் காரணம் கேட்க வேண்டும். "முன்பு மாதிரி மணம் இல்லை", "சிக்கரி கூடிவிட்டது" என்ற பதில்களே மிகுந்தால் வடிவமைப்பாளருக்கு அங்கே வேலையில்லை. வறுவலையும் கலவையையும் பையின் காற்றுப்புகா ஒட்டலையும்தான் பார்க்க வேண்டும். "கடையில் கண்ணில் படவில்லை", "இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை" என்பவை மிகுந்தால் தோற்றத்தைத் துலக்கினால் போதும். பெயரைப் பற்றிய குழப்பம் வந்தால் மட்டுமே, அதாவது வேறொருவர் கடையோடு சேர்த்துப் பேசினாலோ, பெயரே கெட்டுப்போயிருந்தாலோ, முழு மாற்றத்தைப் பற்றி யோசிக்கலாம். நான் வேலை செய்த கடைக்கு இரண்டாம் வகைப் பதில்களே வந்தன.

படி 2: துண்டுச் சோதனை

பலரும் சறுக்குகிற இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பாக்கெட்டைப் படமெடுத்து, கடைப்பெயரை நீக்கிவிட்டு, நிறம், மயில், டபரா டம்ளர் என்று தனித்தனி அட்டைகளாக வெட்டிக் கொள்ளுங்கள். எழுத்தின் பாணியைச் சோதிக்க, அதே எழுத்தில் தொடர்பில்லாத ஒரு சொல்லை அமைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வோர் அட்டையையும் காட்டி "இது எந்தக் கடை?" என்று மட்டும் கேட்க வேண்டும். "பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் வருவது அவரவர் ரசனையே; அதில் முடிவெடுக்க ஒன்றும் இராது.

மூன்று செய்திகளில் கவனம் வேண்டும். முதலாவது, கடைவாசலில் நின்று கேட்காதீர்கள்; எதைக் காட்டினாலும் எதிரே தெரியும் பெயர்ப்பலகையைப் படித்துச் சொல்லிவிடுவார்கள். பேருந்து நிலையமோ காய்கறிக் கடைத்தெருவோ நல்லது. இரண்டாவது, நிறத்தை முதலிலும் படங்களை அதன் பின்னும் காட்டுங்கள்; எளிதில் பிடிபடுவதை முன்னால் காட்டிவிட்டால், பிறகு வரும் எல்லாவற்றுக்கும் அதே பதிலைத்தான் சொல்வார்கள். மூன்றாவது, "இந்த நான்கு கடைகளில் எது?" என்று தேர்வு கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர்களில் இருபது பேர், வேறு கடையில் வாங்குவோரில் இருபது பேர் கிடைத்தால் தொடக்கநிலைக்குப் போதும்.

விடை சரியா தவறா என்பதோடு, தவறாகச் சொன்னவர் யார் பெயரைச் சொன்னார் என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள். டபரா டம்ளரைக் கண்டவர்கள் ஆளுக்கொரு கடையின் பெயரைச் சொன்னார்கள். டிகிரி காபி விற்கிற எல்லாப் பலகையிலும் அது இருப்பதால் அது ஊருக்குப் பொதுச்சொத்து. தனிக்கடை எதையும் அது நினைவூட்டாது. மயிலை வாடிக்கையாளர்கள் மட்டும் சொன்னார்கள். மஞ்சளும் அரக்குப் பட்டையும் சேர்ந்திருந்த அட்டையை வாங்காதவர்களிலும் பலர் அடையாளம் கண்டனர். எழுத்துப் பாணி எவருக்கும் எதையும் சொல்லவில்லை.

படி 3: முடிவு

இத்தகைய விடை வந்தால் துலக்கலே போதும்: நிறமும் மயிலும் இருக்கும், டம்ளர் போகும், எழுத்து மாறும். ஒரு துண்டும் தேறாமல், பெயரிலும் சிக்கல் இருந்தால் முழு மாற்றத்தில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. தேறிய துண்டுகளை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் மாற்றுவதுதான் ஆபத்து. 2009இல் பெப்சிகோ நிறுவனம் அமெரிக்காவில் ட்ராபிகானா ஆரஞ்சுச் சாற்றின் அட்டைப்பெட்டியை மாற்றியபோது, உறிஞ்சுகுழல் செருகிய ஆரஞ்சுப் பழப் படம், எழுத்து, அமைப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டது. உள்ளே இருந்த சாறு மாறவில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 விழுக்காடு விழுந்து, பழைய பெட்டிக்கே திரும்ப நேர்ந்தது.

படி 4: சிலிண்டர் கணக்கில் மாற்றுங்கள்

படலப் பைகளைப் பெரும்பாலும் கிராவியர் முறையில் அச்சிடுகிறார்கள். அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும், செலவின் பெரும்பகுதி அங்கேதான். ஆகவே எந்த மாற்றம் எந்த நிறத்தில் விழுகிறது என்று முதலில் எழுதிக் கொள்ளுங்கள். கடைப்பெயரும் டம்ளரும் அரக்கு நிறத்தில் இருந்ததால், ஒரே சிலிண்டரை மாற்றி இரண்டையும் முடித்தோம். மயிலைத் திருத்துவதை அடுத்த அச்சுக்குத் தள்ளினோம். பழைய பைச்சுருள் தீரும் நேரத்தோடு ஒவ்வொரு மாற்றத்தையும் பொருத்தினால் வீணாகும் பையும் குறையும்.

மயிலை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் பேனாக் கருவியால் கையாலேயே வரைந்தேன். தானாகக் கோடு பிடிக்கும் வசதி நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் கொட்டும். 50 கிராம் பையில் சிறிதாக அச்சாகும்போது தோகை ஒரே கறையாகிவிடும். அச்சகங்களில் கோரல்டிராவே பழக்கம் என்றாலும், பிடிஎஃப் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். அனுப்பும் முன் தமிழ் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து `Path > Object to Path` கொடுத்துக் கோடுகளாக்கி விடுங்கள். இல்லையென்றால் அவர்கள் கணினியில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

மஞ்சள்தான் இந்தக் கடையின் மூலதனம் என்பதால், அதை நான்கு நிறக் கலவையாக விடாமல் தனி மையாகக் கேட்டேன். ஒவ்வொரு அச்சிலும் அதே மஞ்சள் வருவதற்கு அது உதவும். வெள்ளிப் படலத்தில் மஞ்சளுக்குப் பின்னால் வெள்ளை மை இல்லையென்றால் மங்கிப் பித்தளை நிறமாகத் தெரியும். மாதிரியைப் பழைய பையோடு சேர்த்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். காபி, சிக்கரி விழுக்காட்டைக் குறிக்கும் கட்டாய வாசகத்தை "அழகுக்காக" ஒதுக்கிவிடக் கூடாது.

அடுத்த மாற்றத்துக்குப் போகும் முன் புதுப் பையைப் போட்டிக் கடைப் பைகளோடு மளிகைக்கடைத் தட்டில் வைத்து, வழக்கமாக வாங்குபவரை ஆறடி தள்ளி நிறுத்தி எடுத்துத் தரச் சொல்லுங்கள். கை தயங்கினால் அடுத்த மாற்றத்தை நிறுத்தி வையுங்கள்.

பிற்சேர்க்கை: பாகப்பிரிவினை

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர், அண்ணனும் தம்பியும் பிரிந்து இருவரும் தாத்தா பெயரிலேயே கடை நடத்துவதாக எழுதியிருந்தார். அங்கே துலக்கல் உதவாது. தம்பி செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் அண்ணன் கடையையும் விளம்பரப்படுத்தும். பெயரின் உரிமை யாருக்கு என்பதை வழக்கறிஞர் வழியாக முடிவு செய்துகொண்டு, மற்றவர் புதுப் பெயருக்குப் போவதே சரி. புதுப் பெயரை வணிகக் குறிப் பதிவகத்தின் இணையத் தேடலில், காபி அடங்கும் 30ஆம் வகுப்பில், ஒலியொத்த பெயர்களையும் சேர்த்துத் தேடிவிட்டுத்தான் அச்சுக்குப் போக வேண்டும்.

துலக்குபவர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. குறி பதிவாகியிருந்தால், 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு, அடையாளத்தைப் பெரிதும் பாதிக்காத திருத்தத்தைப் பதிவாளர் அனுமதியோடு செய்ய வழி தருகிறது. மயிலின் தோகையைச் சீராக்குவது அதற்குள் அடங்க வாய்ப்புண்டு. மயிலை அன்னமாக்கினால் புது விண்ணப்பம்தான்.