கிளையன்ட்டுகளை நிகழ்ச்சிக்கு அழைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அழைப்பிதழ் வரைவைக் கொண்டுவந்து காட்டினால் எழுத்துப்பிழையை நான் தேடுவதில்லை. அதை யாராவது திருத்திவிடுவார்கள். நேராகக் கடைசி வரிக்குத்தான் போவேன்.

"வருகையை உறுதிப்படுத்தவும்" என்று மட்டும் எழுதுவது

எந்தத் தேதிக்குள்? யாரிடம்? எத்தனை பேர்? எதுவும் இல்லை. இன்றைக்கும் இதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

ஒரு நிறுவனத்தின் பார்ட்னர் சந்திப்புக்கு 120 பேரை இப்படித்தான் அழைத்தார்கள். சிலர் மின்னஞ்சலில் பதில் போட்டார்கள். சிலர் காலண்டர் அழைப்பில் 'ஏற்கிறேன்' என்று அழுத்தியதோடு சரி. மற்றவர்கள் தங்களுக்குப் பழக்கமான சேல்ஸ் ஆளிடம் வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். கேட்டரிங்காரர் இறுதி எண்ணிக்கை கேட்டபோது பட்டியலில் இருந்தது 46 பெயர். "எண்பது போட்டுக்கோங்க" என்றார்கள். வந்தது 97 பேர்.

சாப்பாட்டைக்கூடச் சமாளித்தார்கள். ஒரு பெரிய கிளையன்ட், "மூணு பேர் வர்றோம்" என்று சேல்ஸ் ஆளிடம் முன்பே சொல்லியிருந்தார்; அது அந்தச் சேல்ஸ் ஆளின் போனிலேயே தங்கிவிட்டது. வரவேற்பு மேசையில் பேட்ஜ் குவியலை இரண்டு முறை புரட்டிவிட்டு, வெற்று அட்டையில் மார்க்கரால் அந்தக் கிளையன்ட்டின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள், அதுவும் தப்பாக.

தேதியைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். நிகழ்ச்சி 20, வியாழன்; கேட்டரிங்காரருக்கு 14, வெள்ளிக்குள் எண்ணிக்கை வேண்டும் என்றால், விருந்தினருக்குக் கெடு 11, செவ்வாய். இடையில் உள்ள இரண்டு நாள், பதில் சொல்லாதவர்களுக்குப் போன் செய்ய. அந்த அழைப்பைச் சேல்ஸ் ஆளே செய்யட்டும்; தெரிந்த குரலுக்குத்தான் பதில் கிடைக்கும். எந்த வழியில் பதில் வந்தாலும் அன்றைக்கே ஒரே பட்டியலில் ஏற வேண்டும், அதற்கு ஒருவர்தான் பொறுப்பு.

வரி இப்படி இருக்கலாம்: "11, செவ்வாய்க்கிழமைக்குள் கீழுள்ள படிவத்தில் தெரிவிக்கவும். உங்களுடன் ஒருவர் வரலாம். அவர் பெயரையும், உணவில் தவிர்க்க வேண்டியது இருந்தால் அதையும் குறிப்பிடவும். வர இயலாவிட்டாலும் ஒரு வார்த்தை சொல்லவும்." அந்தக் கடைசி வாக்கியத்தை வெட்டிவிடாதீர்கள். 'இல்லை' என்று தெரிந்தால் ஒரு போன் மிச்சம்.

"ஸ்மார்ட் கேஷுவல்" என்று போட்டுவிட்டு நகர்வது

ஒருவர் கோட்டோடு வருவார், இன்னொருவர் ஜீன்ஸோடு வருவார், இருவருக்கும் சங்கடம். "காலர் வைத்த சட்டை போதும், கோட்டு தேவையில்லை" என்று எழுதுங்கள். நிகழ்ச்சி புல்வெளியில் என்றால் அதையும் சொல்லுங்கள். ஹீல்ஸ் மண்ணில் புதையும்.

இடத்தின் பெயரோடு நிறுத்துவது

ஹால் பெயர், தளம், எந்த வாசல், வண்டி எங்கே நிறுத்துவது. மேப் இணைப்பு இவற்றைச் சொல்லாது.

கிழமை இல்லாத தேதி

கிழமையையும் முடியும் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

எல்லா முகவரியையும் 'டு'வில் போடுவது

உங்கள் கிளையன்ட் பட்டியல் அத்தனை பேருக்கும் போய்விடும். தனித்தனியாக அனுப்புங்கள்.