மழை ஒன்று, வேலை ஒன்பது: எஸ்-வளைவில் முடிவு தேதி பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கட்டுமான வேலைகளுக்கு ஷெட்யூல் போடும் இளம் இன்ஜினியர்கள் இப்போது மான்டே கார்லோவைக் கையில் எடுத்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது, வழக்கமானது, அதிகபட்சம் என்று மூன்று நாள் எண்ணிக்கை கொடுக்கிறோம். கணினி அந்த எல்லைக்குள் குலுக்கல் முறையில் ஒரு எண்ணை எடுத்து, திட்டம் முழுக்க ஓட்டி, முடிவு தேதியைக் குறித்துக்கொள்கிறது. இப்படிப் பத்தாயிரம் முறை. எந்தத் தேதிக்குள் எத்தனை ஓட்டங்கள் முடிந்தன என்று கூட்டிக்கொண்டே போனால் எஸ்-வளைவு கிடைக்கிறது. இலக்குத் தேதியிலிருந்து மேலே போய் வளைவைத் தொட்டு, இடப்பக்க அச்சில் சதவீதத்தைப் படித்தால், அந்தத் தேதிக்குள் முடியும் வாய்ப்பு அது.

இந்த அளவுக்கு எல்லாருக்கும் தெரியும். மூன்று எண்ணையும் தலைகீழாகப் போடுவது, ஞாயிற்றுக்கிழமையை வேலை நாளாக விடுவது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு முறை ஓட்டினாலே கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாமல் ஓனரின் காசைத் தின்னும் தவறு ஒன்று இருக்கிறது. எங்கள் தலைமுறை செய்து சூடு பட்டதுதான். அதையே இன்றைக்கும் புதிதாக வருகிறவர்கள் வரிசையாகச் செய்வதைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் குலுக்குவது

சேதராப்பட்டுப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கு. மண் தோண்டுவது, புட்டிங், பிளிந்த் பீம், தூண், ட்ரஸ் ஏற்றுவது, கூரை ஷீட், பக்கச்சுவர், தரை கான்கிரீட், லாரி வந்து திரும்பும் முற்றம் என ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது வேலைகள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒன்பதுக்கும் ஒரே எண்களை இங்கே வைத்துக்கொள்கிறேன்: குறைந்தது 16 நாள், வழக்கமாக 20, அதிகபட்சம் 30. முக்கோணப் பரவல். ஓனர் கேட்ட கெடு 210 வேலை நாள்.

ஒவ்வொரு வேலையின் சராசரி 22 நாள். மொத்தம் 198. கெடு அதற்கு 12 நாள் தள்ளி இருக்கிறது. ஒன்பது வேலைக்கும் தனித்தனியாகக் குலுக்கி ஓட்டினால், 210 நாளுக்குள் முடிய 91 சதவீத வாய்ப்பு என்று வளைவு சொல்லும். தம்பி ஒருவர் இப்படி ஒரு வளைவை அச்செடுத்து, 91 என்ற இடத்தில் பச்சை வட்டம் போட்டு, ஓனரிடம் காட்டத் தயாராக என் மேசைக்குக் கொண்டுவந்தார். உட்காரச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“கூரை ஷீட்டுக்கு 30 நாள் வரைக்கும் ஏன் போட்டீங்க?”

“மழை பிடிச்சிக்கிட்டா அவ்வளவு ஆகும் சார்.”

“தரை கான்கிரீட்டுக்கு?”

“அதுவும் மழைதான் சார்.”

“முற்றத்துக்கு?”

“மழைதான் சார். அப்புறம், அதே மேஸ்திரி ஆளுங்கதான் அங்கயும்.”

கோளாறு இங்கேதான். காரணம் ஒன்றாக இருக்கும்போது குலுக்கல் மட்டும் ஒன்பதாக இருக்கிறது. ஒரு வேலை 28 நாள் இழுத்தால் அடுத்தது 18 நாளில் முடிந்து ஈடுகட்டிவிடும் என்று கணினி எடுத்துக்கொள்கிறது. ஒன்பதும் சேர்ந்து கெடுவது அதன் கணக்கில் நடக்கவே நடக்காது. ஒரு வேலை 26 நாளைத் தாண்டும் வாய்ப்பு சுமார் 11 சதவீதம். தனித்தனியாகக் குலுக்கினால் ஒன்பதும் ஒரே ஓட்டத்தில் 26-ஐத் தாண்டுவது நூறு கோடி ஓட்டத்துக்கு மூன்று முறைதான். ஐப்பசி மழையில் தண்ணீர் கட்டி நின்ற சைட்டைப் பார்த்தவர் யாரும் அந்த எண்ணை ஒப்புக்கொள்ள மாட்டார்.

எதிர் ஓரத்தையும் பார்த்துவிடுவோம். ஒரே ஒரு குலுக்கல், அது ஒன்பது வேலைக்கும் பொருந்தும் என்று வையுங்கள். அப்போது 210 நாளுக்கான வாய்ப்பு 68 சதவீதம். உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம்:

```python
import numpy as np
rng = np.random.default_rng()
n = 10000
indep = rng.triangular(16, 20, 30, (n, 9)).sum(axis=1)
joint = 9 * rng.triangular(16, 20, 30, n)
print((indep <= 210).mean(), (joint <= 210).mean())
print(np.percentile(indep, [10, 50, 90]))
print(np.percentile(joint, [10, 50, 90]))
```

மூன்று புள்ளி எண்கள் மாறவில்லை, சராசரியும் அதே 198. ஆனால் 90 சதவீத நம்பிக்கைக்கான நாள் முதல் கணக்கில் 209, இரண்டாவதில் 236. இடையில் ஒரு மாத வேலை நாட்கள் போய்விட்டன. தாமதத்துக்கு எல்.டி. பிடிக்கும் ஒப்பந்தத்தில் 209-ஐ நம்பிக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த 27 நாளும் அபராதம்.

நிஜ சைட் இந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் இருக்கும். ஒரு வேலை இழுத்தால் மற்றதும் எந்த அளவுக்குச் சேர்ந்து இழுக்கும் என்பதுதான் ஒட்டுறவு: தனித்தனிக் குலுக்கலில் அது 0, ஒரே குலுக்கலில் 1. ஒவ்வொரு ஜோடி வேலைக்கும் இடையே 0.5 ஒட்டுறவு வைத்தால் 210-க்கான வாய்ப்பு ஏறத்தாழ 73 சதவீதம், 80 சதவீதத்துக்கான நாள் சுமார் 215. பாதி ஒட்டுறவு என்றவுடன் விடை 91-க்கும் 68-க்கும் சரிபாதியில் விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது 68-ஐ ஒட்டியே விழுகிறது. கொஞ்சம் ஒட்டுறவே வளைவை நிறையச் சாய்த்துவிடும்.

இந்தத் தவறு ஏன் கண்ணில் படுவதில்லை? பலரும் நடுப்புள்ளியை மட்டும் சரிபார்க்கிறார்கள். 50 சதவீதத்தில் இரண்டு வளைவும் கிட்டத்தட்ட ஒரே நாளைத்தான் காட்டும். பிழை முழுக்க இரண்டு வால்களிலும் இருக்கிறது. அதனால் 10 சதவீத நாளுக்கும் 90 சதவீத நாளுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். தனித்தனிக் குலுக்கலில் அது 23 நாள், ஒரே குலுக்கலில் 71. எட்டு மாதம் ஓடுகிற, நடுவில் ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாண்ட வேண்டிய வேலைக்கு 23 நாள்தான் மொத்த ஏற்ற இறக்கம் என்று வளைவு சொன்னால், அதை ஓனரிடம் கொண்டுபோகாதீர்கள். முன்பு முடித்த நாலைந்து வேலைகளின் திட்டத் தேதியையும் முடிந்த தேதியையும் எடுத்து வைத்து ஒப்பிட்டாலே விடை தெரிந்துவிடும்.

இதிலேயே இன்னொரு பொறி. “ஒன்பது வேலை போதாது, நுணுக்கமா உடைச்சா துல்லியம் கூடும்” என்று ஒவ்வொன்றையும் நாலாக உடைத்து 36 ஆக்குகிறார்கள். மண்ணும் மழையும் ஆட்களும் அப்படியேதான் இருக்கிறார்கள். ஆனால் தனித்தனிக் குலுக்கலில் பரவல் பாதியாகச் சுருங்கி, 210-க்கான வாய்ப்பு 99 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். அவர் உழைத்து உடைத்த உடைப்பெல்லாம் பொய்யான நம்பிக்கையாகவே திரும்பி வருகிறது. இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு அதிகம் மனசு கேட்காது.

திருத்துவதற்கு, ஒட்டுறவு எண்களை ஊகித்து அட்டவணை போடுவதைவிடக் காரணங்களைத் தனியே பிரிப்பதையே நான் செய்யச் சொல்வேன். மழைக்கு ஒரு பெருக்கு எண்: நல்ல பருவம் என்றால் 1, மோசமான பருவம் என்றால் 1.4 வரை. ஒவ்வொரு ஓட்டத்திலும் அதை ஒரே ஒரு முறை குலுக்கி, வெட்டவெளியில் நடக்கும் எல்லா வேலைகளையும் அதே எண்ணால் பெருக்குங்கள். மேஸ்திரி ஆட்களின் வேகத்துக்கு இன்னொரு எண். அவர்கள் கைவைக்கும் வேலைகளுக்கு மட்டும். கூரை மூடிய பிறகு உள்ளே நடக்கும் வேலைக்கு மழை எண் வேண்டாம். வேலைகளுக்கு இடையிலான ஒட்டுறவு இதிலிருந்து தானாக வந்துவிடும்.

அப்படிப் பிரித்தபின் வேலையின் மூன்று எண்களைக் கட்டாயம் குறுக்க வேண்டும். 30 என்று போட்டதே மழையை நினைத்துத்தான். அதை அப்படியே விட்டு மழை எண்ணாலும் பெருக்கினால் ஒரே மழை இரண்டு முறை பெய்கிறது. மழையில்லாத மாதத்தில் இந்த வேலை அதிகபட்சம் எத்தனை நாள் என்று மேஸ்திரியிடம் புதிதாகக் கேளுங்கள். 23, 24 என்பார். அதுதான் போட வேண்டிய எண்.

மழை எண்ணை வேலைக்கு ஒட்டி வைக்காமல் மாதத்துக்கு ஒட்டி வைப்பது இன்னும் நல்லது. நம் கடற்கரையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. செப்டம்பரில் முடிய வேண்டிய புட்டிங் மூன்று வாரம் தள்ளிப்போனால் அது மழைக்குள் விழுந்து இன்னும் இழுக்கும். ஓட்டத்துக்குள் வேலை எந்த மாதத்தில் விழுகிறது என்று பார்த்துப் பெருக்கினால் வளைவின் வலப்பக்க வால் நீளுவது தெரியும்.

புயல் வேறு கணக்கு. தானே புயல் 2011 டிசம்பர் 30-ம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30-ம் தேதி புதுச்சேரி அருகே. இதை மூன்று புள்ளிக்குள் அமுக்கக் கூடாது. பருவத்துக்கு இத்தனை சதவீத வாய்ப்பு, வந்தால் சைட் முழுக்க இத்தனை நாள் நிற்கும் என்று தனி நிகழ்வாக வையுங்கள். அப்போது வளைவில் ஓரிடத்தில் மேடை போல ஒரு தட்டை வரலாம். அது கோளாறு இல்லை; புயல் வந்த ஓட்டங்களும் வராத ஓட்டங்களும் பிரியும் இடம் அது.

ஓட்டங்களைக் கூட்டினால் சரியாகும் என்று நினைப்பது

ஆகாது. பத்தாயிரத்தை ஒரு லட்சமாக்கினால் அதே தவறான வளைவு வழவழப்பாக வரும்.

சந்திக்கும் இடத்தை மறப்பது

கிடங்கில் ரேக் பொருத்த மூன்றும் கைக்கு வந்திருக்க வேண்டும்: கட்டடம், கரண்ட் கனெக்‌ஷன், ரேக் சரக்கு. மூன்றும் தனித்தனியாக 80 சதவீத நம்பிக்கையோடு ஒரே தேதிக்கு வருகின்றன என்றால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பட்சத்தில் மூன்றும் அன்றைக்கு வந்திருக்கும் வாய்ப்பு 51 சதவீதம்தான். முக்கியப் பாதையை மட்டும் மாடலில் வைத்து மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் இது வளைவில் வரவே வராது.

இங்கே ஒட்டுறவு எதிர்த்திசையில் வேலை செய்யும். மூன்றும் ஒரே மழையால் தாமதமானால் வாய்ப்பு 51-க்கு மேலே இருக்கும். ஆனால் கரண்ட் கனெக்‌ஷன் ஒப்புதல் தாமதமாவதற்கு மழை காரணமில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் பூசாமல் காரணம் பார்த்துப் பிரிக்கச் சொல்வது இதனால்தான்.

வேலை முன்னேற்ற எஸ்-வளைவோடு குழப்புவது

மாதாந்திர அறிக்கையில் வரும் எஸ்-வளைவு எத்தனை சதவீத வேலை முடிந்தது என்பதைக் காட்டும். இது அது இல்லை. அச்சுக்குப் பக்கத்தில் ‘வாய்ப்பு’ என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.

கெடுத் தேதியை ஷெட்யூலுக்குள் பூட்டுவது

முடிவு வேலைக்கு ‘இந்தத் தேதியில் முடிந்தே ஆக வேண்டும்’ என்ற கட்டுப்பாடு போட்டிருந்தால், ஓட்டுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். வளைவு சுவர் மாதிரி நேராக எழும்பினால் முதலில் தேட வேண்டியது இந்தப் பூட்டைத்தான்.

ஓனரிடம் ஒரே சதவீதத்தைச் சொல்லிவிட்டு வருவது

மூன்றைச் சொல்லுங்கள்: அவர் கேட்ட 210 நாளுக்கு வாய்ப்பு 73 சதவீதம், 80 வேண்டுமென்றால் 215 நாள், 90 வேண்டுமென்றால் 220-ஐத் தாண்டும். கூடவே, எந்தக் காரணத்தை எடுத்துவிட்டால் வளைவு எவ்வளவு இடப்பக்கம் நகர்கிறது என்று ஓட்டிக் காட்டுங்கள். மழை எண்ணை 1-ல் நிறுத்தி ஒரு முறை ஓட்டுங்கள், மேஸ்திரி எண்ணை நிறுத்தி ஒரு முறை. மழையால்தான் பெரிய நகர்வு என்று தெரிந்தால், அடித்தள வேலையை ஆடிக்கு முன்பே தொடங்க அவர் பணம் விடுவிக்கலாம். ஆட்களால்தான் என்றால் இரண்டாவது குழு இறக்கலாம். அந்தப் பேச்சு நடந்த பிறகு கெடுவைப் பேசி எழுதுங்கள்.