நடுவில் நிறுத்தாதீர்கள்: ஆண்டு விழா நாடக ஒத்திகையில் செய்யக் கூடாத சில தவறுகள்

போன மாதம் ஒரு பள்ளியில் ஆண்டு விழா ஒத்திகையைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியர் ஒருவர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்தார். எல்லோருக்கும் பின்னால் தலையைக் குனிந்து நின்ற பெண்ணைக் கைகாட்டி, "நீ நடுவுல வா. குரங்கு மாதிரி நடிச்சுக் காட்டு, கூச்சம் தானா போயிடும்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன்.

வசனத்தை மனப்பாடம் செய்யாதது, நேரத்துக்கு வராதது போன்றவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒத்திகை தொடங்கும் முன் நாம் வைக்கிற பயிற்சிகளிலும் ஊமை நடிப்பு விளையாட்டுகளிலும் நடக்கிற தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் நாளே ஒருவரை நடுவில் நிறுத்துவது

என் கதையையே சொல்கிறேன். மொத்தம் 24 பிள்ளைகள், விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. முதல் நாளே ஒரு பையனை நடுவில் கூப்பிட்டு, நாய் துரத்த ஓடுகிறவன் மாதிரி நடிக்கச் சொன்னேன். அவன் இரண்டு அடி எடுத்து வைத்து நின்றுவிட்டான். மற்ற 23 பேரும் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. மறுநாளிலிருந்து அவனுக்கு ஒரு பட்டப்பெயர். நான்காம் நாள் "வயித்து வலி மிஸ்" என்றான், ஆறாம் நாள் வரவே இல்லை. அவனுக்கு வைத்திருந்தது முக்கியமான வேடம். இன்னொரு பையனைத் தேடிப் பிடித்து, காட்சியையும் மாற்றி எழுதி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நாடகம் எப்படியோ ஒப்பேறியது. அந்தப் பையன் அதற்கப்புறம் எந்த மேடையிலும் ஏறவில்லை என்று அவன் தங்கை பின்னால் சொன்னாள்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளைக்கு மேடை பயமில்லை. கூடப் படிக்கிறவர்கள் பார்க்கிறார்களே என்பதுதான் பயம். ஆண்டு விழா அன்று எதிரே உட்காரும் ஆயிரம் பேர் முகம் இருட்டில் தெரியாது. வட்டத்தில் நிற்கும் 23 பேரையும் அவன் நாளைக்கும் மறுநாளும் வகுப்பில் பார்த்தாக வேண்டும். நடுவில் நிறுத்தினால், அவன் எதற்குப் பயப்படுகிறானோ அதை முதல் நாளே செய்து காட்டிவிடுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. செய்ய வேலை இல்லாத உடம்புதான் கூசும். "நடி" என்பது வேலை இல்லை. "இந்தக் குடத்தில் இருக்கிற தண்ணீரைச் சிந்தாமல் அந்த மூலைக்குக் கொண்டு போ" என்பது வேலை. நாடக விளையாட்டுகளை முறைப்படுத்திய அமெரிக்கர் வயோலா ஸ்போலின் இதையே தன் பயிற்சிகளுக்கு அடிப்படையாக வைத்தார். ஆடுகிறவனின் கவனம் முழுக்கக் கையிலுள்ள காரியத்தில் இருந்தால், தன்னைப் பற்றி நினைக்க அவனுக்கு நேரம் கிடைக்காது.

அப்புறம் நான் பிடித்த வழி இது. முதல் இரண்டு நாள் பார்வையாளரே கிடையாது. 24 பேரும் ஒரே நேரத்தில் அறை முழுக்க நடப்பார்கள். நான் எண் சொல்வேன். 1 என்றால் தூக்கக் கலக்கத்தில் நடை, 3 என்றால் வழக்கமான நடை, 5 என்றால் பஸ் கிளம்பப் போகிறது, ஆனால் ஓடக் கூடாது. இடையில் "நில்" என்றால் சிலை. அறையில் எங்கேயும் வெற்றிடம் விழக் கூடாது என்பது ஒரே விதி. எல்லோரும் வெற்றிடத்தைத் தேடிக்கொண்டிருப்பதால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பத்து நிமிடம் போதும்.

மூன்றாம் நாள் இரண்டிரண்டு பேராக. ஐந்தாம் நாள்தான் முதன்முதலாகப் பார்வை வரும், அதுவும் பாதிப்பேர் செய்ய, பாதிப்பேர் பார்க்க. பார்க்கிறவர்களுக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும். "யார் நல்லா செஞ்சாங்க?" என்று கேட்டால் மறுபடி பழைய குழியில் விழுவோம். "யாருடைய குடத்தில் தண்ணீர் அதிகம் இருந்தது?" என்று கேளுங்கள். பிள்ளைகள் ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குடத்தைப் பார்ப்பார்கள். எட்டாம் நாள் மூன்று பேர் சேர்ந்து செய்வார்கள். தனியாக நிற்பது அதற்கப்புறம், அதுவும் தானாக வருகிறவர்கள் மட்டும். அந்த முறையை வைத்த முதல் வருடமே 24 பேரில் பத்தொன்பது பேர் தானாக வந்தார்கள். வராத ஐந்து பேருக்குக் கூட்டத்தோடு வரும் வேடம் கொடுத்தேன், குறை ஒன்றும் இல்லை.

இந்தத் தவறுக்கு ஒரு தம்பியும் உண்டு: "அவுட்" விளையாட்டு. வட்டமாக நின்று கைதட்டலை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அனுப்புவது நல்ல பயிற்சி. தவறவிட்டவரை "அவுட், போய் உட்காரு" என்றதும் அது கெட்டுப்போகிறது. முதலில் வெளியே போகிறவன் யார்? பயத்தில் கை தாமதமாகிறவன். பயிற்சி யாருக்கு வேண்டுமோ அவனையே வெளியே அனுப்பி, மற்றவர்களை வேடிக்கை பார்க்கிற இடத்தில் உட்கார வைக்கிறோம். நான் வைக்கிற விதி வேறு. யார் தவறவிட்டாலும் எல்லோரும் கையைத் தூக்கி "ஆஹா!" என்று கத்திவிட்டு இடம் மாற வேண்டும். இரண்டாம் நாள் சில பிள்ளைகள் வேண்டுமென்றே தவறவிடுவார்கள். விடட்டும், பயம் போகிறது என்று அர்த்தம்.

விஷயம் கெடுகிறதா என்று எப்படித் தெரியும்? சட்டைக் கையை இழுத்து விரலை மூடிக்கொள்வது, எதிரில் இருப்பவரை விட்டுத் தூரத்தில் நிற்கும் தோழியைப் பார்ப்பது, அரை மணிக்கு மூன்று முறை "தண்ணி குடிச்சிட்டு வரேன் மிஸ்" என்பது. இவற்றைப் பார்த்தால் அன்றைக்கு ஒரு படி பின்னால் போய்விடுங்கள். பாதிப்பாதி என்றால் மறுபடி எல்லோரும் சேர்ந்து.

கண்ணாடி விளையாட்டை வேகமாக ஆட விடுவது

இருவர் எதிரெதிரே நிற்க, ஒருவர் அசைவதை மற்றவர் கண்ணாடிபோல் செய்வது எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு. பிள்ளைகள் இதை ஏமாற்றுப் போட்டியாக்கிவிடுவார்கள். திடீரென்று குதிப்பான், எதிராளி தடுமாறுவான், கூட்டம் சிரிக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு யார் முன்னே, யார் பின்னே என்று தெரியக் கூடாது என்பதுதான் நோக்கம் என்று முதலிலேயே சொல்லுங்கள். கை இடுப்பிலிருந்து தலைக்கு மேல் போகப் பத்து எண்ண வேண்டும். இரண்டு நிமிடம் ஒருவர், பிறகு மற்றவர்.

கண்ணை நேராகப் பார்க்கச் சொன்னால் இந்த வயதில் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். கழுத்துக்குக் கீழே, சட்டையின் முதல் பொத்தானைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பார்த்தாலே இரண்டு கைகளும் பார்வைக்குள் வந்துவிடும். ஆண், பெண் ஜோடியை நீங்கள் போடாதீர்கள். மறுநாள் வகுப்புக் கரும்பலகையில் யார் பேரோடு யார் பேர் சேரும் என்று உங்களுக்குத் தெரியாது.

சிரிப்பை அடக்குவது

சிரிக்கட்டும். இரண்டு நிமிடத்தில் நிற்கும்.

பொருளைப் பிடிக்காமலே பிடித்ததாகக் காட்டச் சொல்வது

ஊமை நடிப்பில் முதலில் கண்ணாடிச் சுவரைத்தான் எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் காற்றைத் துடைக்கிறார்கள். உண்மையான சுவரில் உள்ளங்கையை வைக்கச் சொல்லி, கையை அங்கேயே விட்டுவிட்டு உடம்பை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லுங்கள். கை நிற்கிறது, உடம்பு நகர்கிறது. ரகசியம் இவ்வளவுதான். பிறகு ஒரு அடி விலகி நின்று அதையே காற்றில் செய்ய வேண்டும். கை தளர்வாகப் போய், சுவர் பட்ட கணத்தில் விரல் விரிந்து தட்டையாகும், எடுக்கும்போது மறுபடி தளரும். உடம்பு நகரும்போது கையும் கூடப் போனால் சுவர் இல்லை.

அதைவிட நம் பிள்ளைகளுக்குக் குடம்தான் எளிது. ஒரு பிளாஸ்டிக் குடத்தில் நிஜமாகவே தண்ணீர் நிரப்பி வைத்து, ஒவ்வொருவரும் ஒரு முறை தூக்கட்டும். முட்டி முதலில் மடங்குகிறது, மூச்சு ஒரு கணம் நிற்கிறது, இடுப்பில் வைத்ததும் உடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது. இதை அவர்களே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லக் கூடாது. அடுத்து குடம் இல்லாமல். பாதிப்பேர் வெறுங்குடத்தைத் தூக்குவதுபோல்தான் தூக்குவார்கள். "தண்ணி இல்லையே" என்று சொன்னால் போதும், தாங்களே மறுபடி குனிவார்கள். அடிபம்பும் நல்லது. கைப்பிடி ஒவ்வொரு தடவையும் அதே உயரத்துக்கு வருகிறதா என்று பார்க்கிறவர்கள் எண்ணட்டும்.

குரலுக்காகக் கத்தச் சொல்வது

வேண்டாம். மைக் இருக்கிறது, தொண்டை ஒன்றுதான்.

ஷூவோடு பயிற்சி

கழற்றுங்கள்.

மேக்கப் போட்டதும் பயிற்சி கொடுத்து முடித்துவிடுவது

விழா நாளில் நான் செய்த அடுத்த முட்டாள்தனம் இது. நிகழ்ச்சி நிரலில் ஆறு மணி என்று போட்டிருந்ததால் ஐந்தேகாலுக்கே பிள்ளைகளை உடம்பு சூடேற வைத்துவிட்டேன். சிறப்பு விருந்தினர் பேசினார், பரிசளிப்பு நீண்டது, எல்.கே.ஜி. நடனத்துக்கு ஒன்ஸ்மோர். எங்களைக் கூப்பிட்டபோது எட்டு மணி. பிள்ளைகள் பிஸ்கட் தின்றுவிட்டுச் சுவரில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தார்கள்.

இப்போது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. எங்களுக்கு இரண்டு நிகழ்ச்சி முன்னால் இருப்பது மேடை ஏறும்போது தொடங்குவேன், அது எத்தனை மணியானாலும் சரி. தலையில் பூவும் ஊக்கும் இருக்கும், புடவை கட்டியிருப்பார்கள், தரையில் உட்காரும் எதுவும் கூடாது. வலது கையை எட்டு முறை உதறு, இடது கை எட்டு, வலது கால் எட்டு, இடது கால் எட்டு. அடுத்து நான்கு, இரண்டு, ஒன்று. எண்ணுவது கிசுகிசுப்பாக, ஒன்று வரும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் முடிக்க வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. பிறகு பக்கத்துத் திரை மறைவில் வரிசையாக நின்று, இல்லாத குடத்தை முதல் ஆளிடமிருந்து கடைசி ஆளுக்குச் சிந்தாமல் கைமாற்றுவார்கள். புதிய விளையாட்டு எதையும் அன்றைக்குக் கொண்டுவராதீர்கள். போன முறை குடம் கடைசிப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தபோது எங்கள் பெயரை மைக்கில் வாசித்துவிட்டார்கள். குடத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.