வீட்டுக் கணினியில் ஓடும் தளத்தை டொமைனுடன் இணைப்பது: ரவுட்டரில் செய்யவேண்டியவை

கல்லடியில் ஒரு வீட்டில், உபுண்டு நிறுவிய பழைய மடிக்கணினியில் ஊர் வாசிகசாலையின் நூற்பட்டியல் தளம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வீட்டு வைஃபையில் தளம் திறக்கிறது. காத்தான்குடியிலிருந்து ஒருவர் முயன்றால் திறப்பதில்லை. வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வீட்டிலுள்ள எந்தக் கருவியிடம் கொடுப்பது என்று ரவுட்டருக்குத் தெரியாததே காரணம். அதைச் சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

விதி எழுதுமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் `WAN IP` என்று ஓர் எண் இருக்கும். பிறகு மடிக்கணினியில் இதைத் தட்டுங்கள்:

```
curl -4 ifconfig.me
```

இரண்டும் ஒன்றாக இருந்தால் தொடரலாம். வேறுபட்டால், குறிப்பாக `WAN IP` 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. அப்போது கோரிக்கை உங்கள் ரவுட்டரை வந்தடையாது. எத்தனை விதி எழுதினாலும் பயனில்லை. நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேட்க வேண்டும். சிம் போட்டு இயங்கும் ரவுட்டர்களில் இந்த நிலை மிகச் சாதாரணம். வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் தொடராக இருந்தாலும் எண்கள் வேறுபடும்; அங்கே பெரும்பாலும் 192.168 என்று தொடங்குவதைக் காண்பீர்கள்.

அடுத்து `hostname -I` கட்டளையால் மடிக்கணினியின் உள்முகவரியை அறியுங்கள். நமது உதாரணத்தில் அது 192.168.1.50. மின்சாரம் போய் வந்தபின் ரவுட்டர் வேறு எண் கொடுத்துவிடலாம் என்பதால், அதன் `DHCP` பகுதியில் இந்த எண்ணை மடிக்கணினிக்கே ஒதுக்கிவையுங்கள்.

இனி `Port Forwarding` அல்லது `Virtual Server` பக்கத்தில் இரண்டு விதிகள்:

```
TCP  80   -> 192.168.1.50 : 80
TCP  443  -> 192.168.1.50 : 443
```

மடிக்கணினியின் தீச்சுவரிலும் வழிவிட வேண்டும்:

```
sudo ufw allow 80,443/tcp
```

இவ்விரண்டைத் தவிர வேறெதையும் திறக்காதீர்கள். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் 22ஆம் போர்ட்டைத் திறந்தால், கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் விரைவிலேயே கதவைத் தட்டத் தொடங்கும்.

டொமைன் வாங்கிய இடத்தில் `A` பதிவில் பொது முகவரியை எழுதுங்கள், 192.168.1.50 அங்கே செல்லாது. பொது முகவரி அவ்வப்போது மாறும் இணைப்பென்றால், ரவுட்டரின் `DDNS` வசதியால் பதிவைத் தானாகப் புதுப்பிக்கலாம்.

சோதிக்கும்போது கைபேசியின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் திறவுங்கள். சில ரவுட்டர்கள் வீட்டுக்குள்ளிருந்து தம் பொது முகவரிக்கே போகும் கோரிக்கையைத் திருப்பி அனுப்புவதில்லை; ஆகவே உள்ளிருந்து திறக்காதது பிழைக்கு அடையாளமல்ல. வெளியிலிருந்து நீண்ட நேரம் சுற்றி நின்றுவிட்டால் முகவரி, விதி, தீச்சுவர் மூன்றையும் மீண்டும் பாருங்கள். உடனே மறுக்கப்பட்டால், கோரிக்கை மடிக்கணினி வரை வந்தும் அங்கே தள மென்பொருள் ஓடாமல் இருக்கலாம். ரவுட்டரின் நுழைவுப் பக்கம் தோன்றினால் அதன் வெளி நிர்வாக வசதி 80ஐப் பிடித்திருக்கிறது. அதை உடனே அணைத்துவிடுங்கள்.