எதிர்பாராத, ஆனால் தவிர்க்க முடியாத துயர முடிவை எழுதுவது எப்படி?

துயர முடிவு எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு குழிகளில் ஒன்றில் விழுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு லாரியை வரவழைத்துக் கதாநாயகனைச் சாகடித்தால் வாசகர் திடுக்கிடுவார், ஆனால் நம்பமாட்டார். முதல் பக்கத்திலிருந்தே இருமிக்கொண்டிருப்பவர் கடைசியில் இறந்தால் நம்புவார், ஆனால் அதிரமாட்டார். நிகழ்வுகள் எதிர்பாராதவையாகவும், அதே சமயம் ஒன்றன் விளைவாக மற்றொன்று நேர்பவையாகவும் இருக்கும்போதுதான் அச்சமும் இரக்கமும் மிகுதியாக எழும் என்று அரிஸ்டாட்டில் தமது 'கவிதையியல்' நூலில் எழுதினார். அதே நூலில் அவர் காட்டும் எடுத்துக்காட்டு ஈடிபஸின் கதை. மன்னனின் அச்சத்தைப் போக்குவதற்காக வரும் தூதன், அச்சத்தைப் போக்கச் சொல்லும் செய்தியாலேயே மன்னன் யார் என்பதை வெளிப்படுத்திவிடுகிறான். காப்பாற்ற வந்த செயலே அழிக்கிறது என்னும் இந்த ஒரு வழியை மட்டும், ஒரு சிறுகதையைக் கட்டியபடியே, இங்கே பார்ப்போம்.

படி 1: முடிவை முதலில் எழுதி, பின்னோக்கி நடங்கள்

நம் கதையில் இருவர் இருக்கிறார்கள். ராகவன் ஓய்வுபெற்ற முதியவர். அவருடைய மனைவி சாரதாவுக்கு மறதி நோய். ஒருநாள் அவர் வீட்டைவிட்டு வெளியேறித் தொலைந்துபோய், மாலையில்தான் கிடைத்தார். அன்று முதல் ராகவன் அவருக்கு ஒரே ஒரு பாடத்தைத் தினமும் கற்பிக்கிறார்: "நான் சொன்னால்தான் கதவைத் திறக்க வேண்டும்." முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்வோம்: ராகவன் பக்கவாதம் தாக்கிப் பேச்சிழந்து கிடக்கிறார், உதவி கதவுக்கு வெளியே நிற்கிறது, அவர் சொல்லாததால் சாரதா கதவைத் திறக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு கண்ணியையும் பிடித்து 'ஏன்?' என்று கேளுங்கள். கதவு ஏன் திறக்கவில்லை? அவர் சொல்லவில்லை. சாரதாவுக்கு அது மட்டும் ஏன் நினைவிருக்கிறது? அவர் அலுக்காமல் சொல்லிக்கொடுத்தார். பக்கவாதம் ஏன் வந்தது? என் முதல் வரைவில் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. அது வெறுமனே வந்தது. அதாவது, நானும் வேறு பெயரில் ஒரு லாரியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். மனைவியைத் தனியே விட்டுச் செல்ல மனமில்லாமல் அவர் தமது இரத்த அழுத்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போட்டு வந்தார் என்று மாற்றியபோது, நோயும் கதவும் ஒரே அன்பிலிருந்து கிளைத்தவையாயின. 'தற்செயலாக' என்ற பதில் சங்கிலியின் தொடக்கத்தில் இருக்கலாம். சாரதாவுக்கு மறதி வந்தது தற்செயல்தான். முடிவை நெருங்க நெருங்க அந்தப் பதிலுக்கு இடமே இருக்கக்கூடாது.

படி 2: வாசகரின் அச்சத்தை வேறு பக்கம் திருப்புங்கள்

வியப்பு என்பது தகவலை மறைப்பதால் வருவதன்று. தகவல் அனைத்தையும் கொடுத்துவிட்டு, வாசகரைத் தவறான ஆபத்தைப் பார்த்தபடி காத்திருக்கச் செய்வதால் வருவது. இந்தக் கதையில் வாசகர் எதற்கு அஞ்சுவார்? சாரதா பாடத்தை மறந்து, கதவைத் திறந்து, மீண்டும் தொலைந்துபோவார் என்றுதான். அந்த அச்சத்தை நீங்கள் நேர்மையாக வளர்க்க வேண்டும். ஒரு காட்சியில் அவர் கை தாழ்ப்பாள்வரை போய்த் திரும்பட்டும். மற்றொன்றில், "நான் சொன்னால்தான்…" என்று தொடங்கி மீதியைச் சொல்லத் தெரியாமல் விழிக்கட்டும். பொய்யான ஆபத்தைக் காட்டி ஏமாற்றினால் வாசகர் மன்னிக்கமாட்டார். இதுவோ உண்மையான ஆபத்து, ஆனால் நிகழப்போவது அதுவன்று. அவர் மறந்துவிடுவார் என்று நாம் அஞ்சிக்கொண்டிருக்க, கதை அவர் நினைவில் வைத்திருந்ததால் முடிகிறது.

படி 3: தடயத்துக்கு வேறொரு வேலை கொடுங்கள்

இங்குதான் மிகுந்த உழைப்பு தேவைப்படுகிறது. முடிவுக்குத் தேவையான ஒவ்வொரு தடயமும், அது விதைக்கப்படும் காட்சியில் வேறொரு பணியைச் செய்துகொண்டிருக்க வேண்டும். வேலையில்லாமல் நிற்கும் தடயத்தை வாசகர் உடனே கண்டுகொள்வார். மிகச் சிறந்த மறைவிடம் சிரிப்பு. கதையின் முற்பகுதியில் இப்படி ஒரு காட்சி:

> பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.
> "அவர் இன்னும் சொல்லவில்லை," என்றார் சாரதா உள்ளிருந்து.
> "சரிம்மா, அப்புறம் வருகிறேன்."
> குளியலறையிலிருந்து ராகவன் கத்தினார். "சாரதா, திற! நான்தான் சொல்கிறேன்."
> தாழ்ப்பாள் விலகியது. பரிசு வாங்கிய குழந்தையைப் போல் சாரதா வாசலில் நின்றார்.

இக்காட்சியின் வெளிப்படையான வேலை, அந்தத் தம்பதியின் நெருக்கத்தைக் காட்டி வாசகரைப் புன்னகைக்கச் செய்வது. ஆனால் கதவு திறக்க ராகவனின் குரல் வேண்டும் என்பதும், அந்தப் பதிலைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வற்புறுத்தாமல் போய்விடுவார் என்பதும் அதற்குள் பதிந்துவிட்டன. இரண்டாவது செய்தி இல்லையென்றால் முடிவு நிற்காது. அவர் ஏன் கதவை உடைக்கவில்லை என்று வாசகர் கேட்பார். பரிசோதனையைத் தள்ளிப்போடும் தடயத்தையும் இவ்வாறே, மகனுடன் தொலைபேசியில் நடக்கும் ஒரு வாக்குவாதத்தின் நடுவே, இரண்டாவது வாக்கியமாக நுழைத்துவிடலாம். பத்தியின் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் வாசகரின் கண்ணில் நிற்கும் இடங்கள். தடயங்களை அங்கே வைக்காதீர்கள்.

படி 4: தப்பிக்க ஒரு வழியைத் திறந்து, அவரையே மூடச் செய்யுங்கள்

மகன் ஒரு மாற்றுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்கலாம் என்கிறான். ராகவன் மறுத்து, உள்தாழ்ப்பாளே போதும் என்கிறார். யாரோ திறந்து வைத்த கதவு வழியாகத்தான் சாரதா அன்று வெளியேறினார். ராகவன் முட்டாளாகத் தோன்றக்கூடாது. அந்தக் கணத்தில் வாசகரும் அவருடன் உடன்பட வேண்டும்.

படி 5: கடைசிக் காட்சியைச் சுருக்குங்கள்

> மீண்டும் தட்டும் ஓசை. சாரதா தரையில் கிடந்தவரின் அருகே குனிந்தார்.
> "திறக்கட்டுமா?"
> அவருடைய உதடு ஒரு பக்கம் அசைந்தது.
> சாரதா கதவருகே போனார். "அவர் இன்னும் சொல்லவில்லை."
> "சரிம்மா, அப்புறம் வருகிறேன்."

முன்பு சிரிக்க வைத்த அதே சொற்களை ஓர் எழுத்தும் மாற்றாமல் வைத்திருக்கிறேன். இதற்குப் பிறகு 'அந்தோ, அவர் கற்பித்த பாடமே…' என்று எழுதத் தோன்றும். எனக்கும் தோன்றியது, எழுதி அடித்துவிட்டேன். ராகவன் இறந்ததைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாதத்தில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்பதைத் தொலைபேசிக் காட்சியில் மகன் வாயால் சொல்லவைத்திருந்தால் போதும்.

படி 6: இரண்டு வாசகர்களிடம் சோதியுங்கள்

கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டு முதலாமவரிடம் கொடுத்து, என்ன நடக்கும் என்று கேளுங்கள். 'அந்த அம்மா வெளியே போய்விடுவார்' என்றால் கதை சரியான திசையில் இருக்கிறது. 'ராகவனுக்கு ஏதோ ஆகும், கதவு திறக்காது' என்றால் ஒரு தடயம் துருத்திக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது மகனுடன் பேசும் காட்சியாகத்தான் இருக்கும், அங்கே ஒரு வாக்கியத்தைக் குறையுங்கள். இரண்டாமவரிடம் முழுக் கதையையும் கொடுங்கள். படித்து முடித்ததும் அவர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டுகிறாரா என்று கவனியுங்கள். புரட்டி, பக்கத்து வீட்டுக்காரர் முதலில் தட்டிய காட்சியில் நின்றால், அக்காட்சியில் இனிமேல் கை வைக்காதீர்கள். புரட்டாமல் தாளைக் கீழே வைத்துவிட்டு 'பாவம்' என்று மட்டும் சொன்னால், முதல் படிக்குத் திரும்பி, சங்கிலியில் எந்த இடத்தில் 'ஏன்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டீர்கள் என்று தேடுங்கள்.